இழை: பிக்கார்டு முறையில் y' = 1 + y²; x⁷ கெழு ஏன் ஒத்துவரலை, 1/2-க்கு அப்பால் போகலாமா?

பாளை மாணவி

கணக்கு இது: y' = 1 + y², y(0) = 0. விடை tan x என்று முன்பே தெரியும். ஆனாலும் அடுத்தடுத்துத் தொகையிட்டு வருகிற முறையில் போட்டுப் பார்த்தேன்.

y₀ = 0
y₁ = x
y₂ = x + x³/3
y₃ = x + x³/3 + 2x⁵/15 + x⁷/63

tan x தொடரில் x⁷-இன் கெழு 17/315. எனக்கு வந்தது 1/63, அதாவது 5/315. மூன்று தடவை போட்டும் அதேதான் வருகிறது. தப்பு எங்கே?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தேற்றப்படி |y| ≤ b என்ற பெட்டியில் M = 1 + b², கிடைக்கிற இடைவெளி b/(1 + b²). b = 1 வைத்தால்தான் அது அதிகபட்சம், அப்போதும் 1/2 தான். tan x-ஓ 1.57 வரை நன்றாக இருக்கிறது. 1/2-க்கு அப்புறம் இந்த y₁, y₂, y₃ எல்லாம் tan x பக்கம் போகாதா?

குறுக்குத்துறை

x⁷ தப்பில்லை, அது பாதி வெந்த உறுப்பு. அடுத்த படியில் சரியாகிவிடும். அதை விடுங்க.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: போகாது. ஒருங்க வேண்டும் என்றால் L × h ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே L = 2b = 2, h = 1/2, பெருக்கினால் சரியாக 1. அதனால் 1/2-லேயே இழுபறிதான். உத்தரவாதம் வேண்டும் என்றால் 0.49-ல் நின்றுகொள்ளுங்க.

அம்பை வாத்தியார்

தம்பி குறுக்குத்துறை சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை. முதலில் x⁷-ஐ முடித்துவிடுவோம்.

y₃ எப்படி வந்தது? y₂-ஐ வர்க்கித்து, 1 கூட்டி, தொகையிட்டு வந்தது. y₂-இல் x³ வரைதான் உண்மை இருக்கிறது. x⁵ உறுப்பே அதில் கிடையாது. ஆனால் tan²x-இல் x⁶-இன் கெழுவுக்கு இரண்டு இடத்திலிருந்து பங்கு வர வேண்டும்: x³-ஐ x³-ஆல் பெருக்கி 1/9, x-ஐ x⁵-ஆல் பெருக்கி இரண்டு தடவை 2/15, அதாவது 4/15. y₂-க்கு அந்த 4/15 தெரியாது. அதனால் 1/9 மட்டும் கிடைத்து, 7-ஆல் வகுபட்டு 1/63 ஆகிவிட்டது. y₄ போடும்மா, 1/9 + 4/15 = 17/45, ஏழால் வகுத்தால் 17/315. அப்போது x⁹ பாதி வெந்து நிற்கும்: 38/2835 வரும், உண்மை 62/2835.

ஆகவே எந்தப் படியிலும் கடைசிச் சில உறுப்புகளை நம்பக் கூடாது. விடைத்தாளில் y₃-ஐ எழுதினால் x⁷/63-ஐயும் எழுதத்தான் வேண்டும், அது y₃-இன் பகுதி. ஆனால் தீர்வின் தொடர் இது என்று எழுதினால் x⁵-ஓடு நிறுத்திவிட வேண்டும்.

x = 0.5-இல் எண்ணாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். tan 0.5 = 0.546302.

```
y1  0.500000   பிழை 0.0463
y2  0.541667   பிழை 0.0046
y3  0.545957   பிழை 0.00035
y4  0.546282   பிழை 0.00002
```

L × h = 1 ஆக இருக்கிற அதே இடம்தான் இது. இழுபறி எதுவும் இல்லை, பாருங்க. பிழை ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் குறையவும் இல்லை. முதலில் பத்தில் ஒரு பங்கு, அப்புறம் பதிமூன்றில் ஒரு பங்கு, அப்புறம் பதினேழில் ஒரு பங்கு. வேகம் கூடிக்கொண்டே போகிறது. இதற்குக் காரணத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

தச்சை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு இந்த முறையே விடை தருவதில்லை. y' = x + y, y(0) = 1 எடுத்துக்கொண்டேன். y₁ = 1 + x + x²/2. அடுத்து y₁-ஓடு தொகையீட்டைக் கூட்டினால் 1 + 2x + 3x²/2 + x³/6 வருகிறது. உண்மையான விடை 2eˣ − x − 1. அதன் தொடர் 1 + x + x² + ... என்று ஆரம்பிக்கிறது. முறை ஒருங்குகிறது என்கிறீங்க, எனக்கு இரண்டாவது படியிலேயே விலகிப்போகுது அண்ணாச்சி.

பாளை மாணவி

அண்ணா, நீங்க y₁-ஓடு கூட்டியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் தொடக்க மதிப்போடுதான் கூட்டணும். இங்கே அது 1. முந்தின தோராயம் தொகையீட்டுக்கு உள்ளே மட்டும்தான் போகும்.

y₂ = 1 + ∫₀ˣ (t + 1 + t + t²/2) dt = 1 + x + x² + x³/6

இப்போ x² வரைக்கும் ஒத்துவருது, x³/6 தான் பாதி வெந்தது (உண்மை x³/3). நீங்க கூட்டின மாதிரி போட்டா x = 0-இல் சாய்வு 2 ஆகிடுது. ஆனா சமன்பாட்டுப்படி அங்கே சாய்வு 0 + 1 = 1. எந்தப் படியில் இருந்தாலும் தொடக்கப் புள்ளியில் சாய்வு f(x₀, y₀)-ஆக இருக்கான்னு ஒரு பார்வை பார்த்தா இந்தத் தப்பு உடனே மாட்டிக்கும்.

தச்சை

சரிதான். ஆய்லர் முறையில் முந்தினதோடு கூட்டிக்கூட்டிப் போகிற பழக்கம். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிட்டேன்.

அம்பை வாத்தியார்

தச்சை, அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆய்லரில் நாம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்கிறோம். இங்கே நகர்வதே இல்லை. முழு இடைவெளியிலும் ஒரு வளைவை வைத்துக்கொண்டு, அந்த வளைவு முழுவதையும் திரும்பத் திரும்பச் செப்பனிடுகிறோம். தொடக்கப் புள்ளியில் அடித்த ஆணி மட்டும் அசையாது.

இப்போது வேகம் ஏன் கூடுகிறது என்பதற்கு வருகிறேன். லிப்ஷிட்ஸ் நிபந்தனை சொல்வது: ஒரே x-இல் இரண்டு y எடுத்தால், f-இன் வேறுபாடு அந்த y-களின் வேறுபாட்டைப் போல் L மடங்குக்கு மேல் போகாது. |f| ≤ M என்றும் வைத்துக்கொள்ளுங்கள். x₀ = 0, வலப்பக்கம் மட்டும் பார்ப்போம்.

முதல் படியில் y₁ − y₀ என்பது f-இன் தொகையீடு மட்டுமே, அதனால் அது Mx-ஐத் தாண்டாது.

இரண்டாவது படியில் y₂ − y₁ என்பது இரண்டு f-களின் வேறுபாட்டைத் தொகையிட்டது. அது L மடங்கு ∫ Mt dt-க்குள் அடங்கும், அதாவது M L x²/2. இந்த 2 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். வேறுபாடு இடைவெளி முழுவதும் Mx அளவு பெரிதாக இல்லை, தொடக்கத்தில் பூஜ்யமாக இருந்து மெல்ல வளர்ந்தது. அதைத் தொகையிட்டால் முக்கோணத்தின் பரப்பு, பாதிதான்.

மூன்றாவது படியில் அந்த t²/2-ஐத் தொகையிட்டால் x³/6. அப்புறம் x⁴/24. ஒவ்வொரு தொகையீடும் அடுக்கில் ஒன்று கூட்டி, அந்தப் புது அடுக்கால் வகுத்துவிடுகிறது. n-ஆவது படியில்

|yₙ − yₙ₋₁| ≤ M Lⁿ⁻¹ xⁿ / n!

கீழே காரணீயப் பெருக்கம் வந்துவிட்டது. Lx எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, 1 ஆனாலும் 10 ஆனாலும், n! ஒரு கட்டத்துக்கு மேல் அதை முந்திவிடும். ஆகவே வேறுபாடுகளின் கூட்டுத்தொகை முடிவுறும், yₙ எல்லாம் சேர்ந்து ஒரே சீராக ஒரு சார்புக்கு ஒருங்கும். ஒரே சீராக ஒருங்குவதால் எல்லையைத் தொகையீட்டுக்குள் கொண்டுபோகலாம், அதனால் அந்த எல்லைச் சார்பே தீர்வு.

Lh < 1 என்பது எங்கிருந்து வருகிறது என்றால், இந்த முக்கோணத்தைக் கவனிக்காமல், வேறுபாட்டின் உச்ச அளவை மட்டும் எடுத்து h-ஆல் பெருக்குகிறபோது. அப்படிச் செய்தால் 1/2, 1/6, 1/24 எல்லாம் கைநழுவிப் போய் வெறும் (Lh)ⁿ மிஞ்சும். நிறுவலைச் சுருக்கமாக முடிக்க அது வசதி, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒருங்குவதற்கே நிபந்தனை என்று எடுத்துக்கொண்டால் இல்லாத வேலியை நாமே போட்டுக்கொண்டது மாதிரி. 1890-இல் பிக்கார்டு வெளியிட்டதும், 1894-இல் லிண்டெலாஃப் கூர்மையாக்கியதும் இப்படி அடுத்தடுத்த தோராயங்களைக் கட்டிக்கொண்டு போகிற வழிதான்.

நம் கணக்கில் b = 1, M = 2, L = 2, h = 1/2 வைத்தால் n படிக்கு அப்புறம் மிச்சமிருக்கிற பிழையின் மேல் எல்லை 1/(n+1)! + 1/(n+2)! + ... என்று சுலபமாக வந்துவிடும். n = 4-க்கு அது சுமார் 0.00995. உண்மைப் பிழை 0.00002. மேல் எல்லை தாராளமாகத்தான் இருக்கும், அதை வைத்து எத்தனை படி வேண்டும் என்று தீர்மானித்தால் தேவைக்கு மேல் உழைப்போம்.

குறுக்குத்துறை

முக்கோணம் புரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். Lh < 1 தேவையில்லை.

ஆனாலும் என் 1/2 முழுசாப் போய்விடவில்லை அண்ணாச்சி. அந்த L எங்கே செல்லும்? பெட்டிக்குள்ளே மட்டும். h = b/M என்று வைப்பதே yₙ பெட்டியை விட்டு வெளியே போகாமல் இருக்கத்தான். x = 1-இல் tan 1 = 1.557. y₂-ஏ 1.333, b = 1 பெட்டியைத் தாண்டிவிட்டது. வெளியே L = 2 கிடையாது, y வளர வளர L-உம் வளரும். அப்போ உங்க காரணீயப் பெருக்கத்தில் எந்த L-ஐ வைப்பீங்க?

அம்பை வாத்தியார்

இது சரியான கேள்வி. பொதுவாகப் பதில் இல்லை, y(0) = 0 என்ற இந்தச் சமன்பாட்டுக்கு மட்டும் நல்ல பதில் இருக்கிறது.

x ≥ 0-இல் எல்லாம் நேர்மதிப்பு. y நேராக இருக்கிற வரை 1 + y² ஏறுமுகம். அதனால் y₀ = 0 ≤ y₁ என்றால், இரண்டையும் தொகையீட்டுக்குள் போட்டதும் y₁ ≤ y₂, அப்படியே y₂ ≤ y₃. அதே மாதிரி y₀ ≤ tan x என்று ஆரம்பித்தால் எல்லா yₙ-உம் tan x-க்குக் கீழேயே இருக்கும், ஏனென்றால் tan x-ஐ உள்ளே போட்டால் tan x-ஏ திரும்பி வரும். ஆக, தீர்வே கூரையாக நிற்கிறது. c என்பது π/2-க்குக் கீழே எந்த எண்ணாக இருந்தாலும், [0, c]-இல் yₙ எதுவும் tan c-ஐத் தாண்டாது. அங்கே L = 2 tan c வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். காரணீயப் பெருக்கம் அதை விழுங்கிவிடும்.

x = 1-இல்: 1, 1.3333, 1.4825, 1.5370, ... 1.5574-ஐ நோக்கி மெல்ல ஏறுகிறது. 0.5-இல் இருந்த வேகம் இல்லை, ஆனால் போய்ச் சேரும்.

இனி எச்சரிக்கை. yₙ எல்லாம் பல்லுறுப்புக்கோவை. x = 2 போட்டாலும் அது மறுக்காமல் ஒரு எண் தரும்: 2, 4.67, 10.97, 31.2. tan 2 = −2.185. இதில் எதுவுமே அதன் பக்கத்தில் இல்லை. தீர்வு 1.57-லேயே முடிவிலிக்கு ஓடிவிட்டது, அதற்கு அப்பால் தொடக்கப் புள்ளியிலிருந்து போக வழியில்லை. இதைக் கண்டுபிடிக்க விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வேறுபாட்டைப் பாருங்கள்: 2.67, 6.30, 20.2. கூடுகிறது. x = 1-இல் அதே வேறுபாடு 0.333, 0.149, 0.054. குறைகிறது. நாலு படி பார்த்து இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் வேறுபாடு கூடுகிற இடத்தில் விடையை எழுதவே கூடாது.

மானூர் குளம்

நான் கணக்கு வாத்தியார் இல்லை, தண்ணீர் வேலை. இதே முறையை ஒரு தொட்டிக்குப் போட்டுப் பார்த்தேன், சொல்லுங்க சரியான்னு. நேர்ச்சுவர் தொட்டி, அடியில் சின்னத் துளை. மட்டம் இறங்குகிற வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 1 மீட்டர் நிறைத்தால் 1 மணி நேரத்தில் வடியுது. அப்போ h' = −2√h, h(0) = 1.

h₁ = 1 − 2t. அடுத்ததில் √(1 − 2s) வருது. அரை மணிக்கு அப்புறம் உள்ளே மைனஸ், வர்க்கமூலம் எடுக்க முடியல. ஆனா தொட்டியில் அரை மணிக்குப் பின்னும் கால் மீட்டர் தண்ணீர் நிக்கி. முறை தொட்டியைவிட முன்னாலேயே வத்திப்போச்சு. இன்னொண்ணு: காலையில் போய்ப் பார்க்கையில் தொட்டி காலி. எப்போ காலியாச்சுன்னு இந்தச் சமன்பாட்டை வச்சுப் பின்னோக்கிப் போக முடியுமா?

தென்காசிச் சாரல்

மானூர் அண்ணாச்சி, உங்க கணக்கு சரிதான். தீர்வு (1 − t)², அரை மணியில் 0.25.

இங்கே f இறங்குமுகம், உயரம் கூடினால் வடிகிற வேகமும் கூடும். அதனால் மேலே tan-இல் பார்த்தது மாதிரி ஒரே பக்கமாக ஏறாது, மாறிமாறி அடிக்கும். h₁ முழு உயரத்தின் வேகத்தையே கடைசி வரை பிடித்துக்கொண்டு இறங்குவதால் ரொம்பக் கீழே போய்விடுகிறது. கால் மணியில் h₁ = 0.5. h₂ = 1 − (2/3)(1 − (1 − 2t)^(3/2)), அதில் t = 0.25 போட்டால் 0.569. உண்மை 0.5625. ஒன்று கீழே, ஒன்று மேலே. உண்மை எப்போதும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், அது இறங்குமுக f-இல் கிடைக்கிற லாபம். அரை மணியைத் தாண்ட வேண்டும் என்றால், கால் மணியில் கிடைத்த மட்டத்தைப் புதுத் தொடக்கமாக வைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இப்படித் துண்டு துண்டாகப் போவதுதான் நடைமுறை.

பின்னோக்கிப் போவதுதான் சிக்கல். காலத்தைத் திருப்பினால் y' = 2√y, y(0) = 0. y₀ = 0 என்று ஆரம்பித்தால் y₁ = 0, y₂ = 0, கடைசி வரை பூஜ்யம். தொட்டி எப்போதுமே காலியாக இருந்தது என்கிறது! ஆனால் தொடக்க வளைவாக y₀ = x எடுத்துப் பாருங்கள். y₁ = (4/3) x^1.5. அடுத்து அடுக்கு 1.75, அடுத்து 1.875. அடுக்கு 2-ஐ நோக்கிப் போகும், முன்னால் இருக்கிற கெழு 1-ஐ நோக்கிப் போகும். எல்லை x². அதுவும் தீர்வுதான், இப்போதுதான் கடைசிச் சொட்டு போனது என்கிறது. இரண்டு தொடக்கமும் ஒழுங்காக ஒருங்குகின்றன, வெவ்வேறு இடத்துக்கு. √y-இன் சாய்வு y = 0-இல் முடிவிலி, அதனால் எந்த L-உம் அங்கே கிடைக்காது. காலித் தொட்டியைப் பார்த்து எப்போது காலியானது என்று சொல்ல முடியாது என்பதைச் சமன்பாடே ஒத்துக்கொள்கிறது.

குறுக்குத்துறை

அப்போ L இல்லாவிட்டால் தீர்வு ஒன்றுக்கு மேல் இருக்கும், அதுதான் கெடுதல். தீர்வு ஒன்றே ஒன்று என்று வேறு வழியில் தெரிந்துவிட்டால் L இல்லாமலும் ஒருங்கும் இல்லையா?

தென்காசிச் சாரல்

ஒருங்கணும் என்று கட்டாயமில்லை. இதைப் பாருங்கள், x 0 முதல் 1 வரை, y(0) = 0:

y < 0 என்றால் f = 2x
0 ≤ y ≤ x² என்றால் f = 2x − 4y/x
y > x² என்றால் f = −2x
(x = 0-இல் f = 0)

மூன்று துண்டும் விளிம்பில் ஒட்டுகின்றன, |f| ≤ 2x, ஆக எங்கும் தொடர்ச்சி உண்டு. y கூடக்கூட f குறையும், அதனால் தீர்வு ஒன்றே ஒன்று: y = x²/3. போட்டுச் சரிபாருங்கள், 2x − 4x/3 = 2x/3.

இனி y₀ = 0. y₁ = x². அதை உள்ளே போட்டால் f = 2x − 4x = −2x, y₂ = −x². அது பூஜ்யத்துக்குக் கீழே, f = 2x, y₃ = x². இப்படியே x², −x², x², −x². ஊஞ்சல் நிற்கவே நிற்காது. இரண்டின் சராசரி 0, அதுவும் தீர்வு இல்லை. மானூர் தொட்டியிலும் மேலும் கீழும் அடித்தது, ஆனால் அங்கே h ஒன்றுக்கு அருகே இருக்கும்போது L இருந்தது, அடி சுருங்கிக்கொண்டே வந்தது. இங்கே y-ஐப் பொறுத்த சாய்வு −4/x, x பூஜ்யத்தை நெருங்கும்போது எல்லையில்லாமல் போகிறது. தொகையீடு தருகிற 1/n-ஐ அந்த 1/x ஒவ்வொரு படியிலும் தின்றுவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், புது வளைவை அப்படியே ஏற்காமல் பழையதையும் புதியதையும் பாதிப்பாதி கலந்தால் ஊஞ்சல் நின்றுவிடுகிறது. x²-இன் கெழு 0, 1/2, 1/4, 3/8, 5/16 என்று போய் 1/3-இல் அடங்கும்.

குறுக்குத்துறை

பாதிப்பாதி கலப்பது எல்லாவற்றுக்கும் உதவுமா? f இறங்குமுகமாக இருந்தால் போதும் என்று தோணுது.

தென்காசிச் சாரல்

இங்கே சாய்வு −4/x, x²-ஐ அதனால் பெருக்கினால் −4x, அதைத் தொகையிட்டால் 2-ஆல் வகுபடுவதால் கெழு −2 மடங்கு ஆகிறது. பாதி கலந்தால் −1/2. அதனால் அடங்கியது. −4-க்குப் பதில் −12 இருந்தால் −6 மடங்கு, பாதி கலந்தாலும் −2.5. அப்போது நடுத்துண்டில் விலகிக்கொண்டே போகும், இன்னும் குறைவாகக் கலக்க வேண்டும். எவ்வளவு கலந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்கிற பொது விதி என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

பாளை மாணவி

y₄ போட்டேன் சார், 17/315 வந்துவிட்டது, x⁹-இல் நீங்க சொன்ன 38/2835 தான்.

அதே சமன்பாட்டை y(0) = 1 வைத்தும் பார்த்தேன். இப்போ இடைவெளி b/(1 + (1 + b)²), b = √2-இல் அதிகபட்சம், சுமார் 0.207. தீர்வு tan(x + π/4), அது π/4 வரை, 0.785 வரை இருக்கு. y₁ = 1 + 2x. y₂ = 1 + 2x + 2x² + 4x³/3. ஆனா உண்மைத் தொடரில் x³-க்கு 8/3. முன்னாடி ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரண்டு இரண்டாகச் சரியாச்சு, இங்கே ஒண்ணு ஒண்ணாத்தான் சரியாகுது. ஏன்?

அம்பை வாத்தியார்

நல்லாக் கவனிச்சிருக்கேம்மா. பிழையை எழுதிப் பாரு: tan-ஐ y என்று வைத்தால், அடுத்த பிழை என்பது ∫ (y + yₙ)(y − yₙ) dt. தொகையீடு ஒரு அடுக்கு கூட்டும். y(0) = 0 இருந்தபோது y + yₙ-உம் 2t அளவில்தான் ஆரம்பித்தது, அது இன்னொரு அடுக்கைக் கூட்டியது. y(0) = 1 என்றால் y + yₙ தொடக்கத்திலேயே 2, அந்த உபரி அடுக்கு போய்விட்டது. y₃ போட்டுப் பாரு, x³-இல் 8/3 நிற்கும், x⁴-இலிருந்துதான் பாதி வெந்திருக்கும்.